இடைவெளிகளை வெட்டினேன், வாத்தியார் மூச்சே விடாமல் பேசுகிறார். எங்கே தப்பு?

ஏடுபுரட்டி | 3 செப்டம்பர் 2023, இரவு 10:40

திருவல்லிக்கேணியில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் வந்து பேசினார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட கதை. 74 நிமிஷம். வயசு எழுபத்தெட்டு, நிறுத்தி நிதானமாகப் பேசுவார். நடுவில் காகிதம் தேடுவார், "ஆ...", "வந்து...", "என்னன்னா..." நிறைய வரும். இந்த 22ஆம் தேதிக்குள் ஒலிப்பதிவை எல்லாருக்கும் அனுப்ப ஆசை.

ஆடாசிட்டியில் `Truncate Silence` போட்டேன். அளவு மைனஸ் 20 டெசிபல், 0.5 விநாடிக்கு மேல் மௌனம் இருந்தால் 0.2 விநாடியாகக் குறை என்று கொடுத்தேன். 74 நிமிஷம் 51 ஆனது. போட்டுக் கேட்டால் அவர் குரல், ஆனால் அவர் இல்லை. யாரோ துரத்துகிற மாதிரி பேசுகிறார். அதைவிட மோசம், வார்த்தை வால்கள் காணோம். "கலெக்டர் வந்தாங்க" என்பது "கலெக்டர் வந்தா" என்று கேட்கிறது. "சொன்னாரு" என்பது "சொன்னா" ஆகிவிட்டது. வாழ்நாளில் யாரையும் மரியாதை குறைத்துப் பேசாத மனுஷர் அவர். இதை எப்படி அனுப்புவது?

வேளச்சேரி பாலா | 3 செப்டம்பர், இரவு 11:15

அக்கா, முதல்ல `Noise Reduction` போட்டு பின்சத்தத்தைத் துடைச்சிடுங்க. அப்புறம் மௌன அளவை இன்னும் கீழ, 0.1 விநாடின்னு வைங்க. நான் யூடியூப் வீடியோ எல்லாத்துக்கும் அப்படித்தான். ஆ, ம், வந்து எதையும் விட மாட்டேன், ஒண்ணு விடாம தூக்கிடுவேன். தூக்கிட்டுத்தான் மௌனத்துக்கு வரணும், அந்த வரிசையை மாத்தாதீங்க.

நங்கநல்லூர் சித்தி | 4 செப்டம்பர், காலை 6:05

கச்சேரி பதிவுல மௌனத்தை எடுக்கவே கூடாதும்மா. என் தங்கை பொண்ணு வீணை அரங்கேற்றத்தை ஒரு பையன் இப்படித்தான் "சுத்தம்" பண்ணிக் கொடுத்தான். ஆலாபனை நடுவுல அவ விட்ட இடமெல்லாம் போயி, தம்புரா சுருதி துண்டு துண்டா நிக்குது. மூல டேப்பைப் பத்திரமா வெச்சிருக்கியா?

ஏடுபுரட்டி | 4 செப்டம்பர், காலை 7:30

சித்தி, இது பேச்சுதான், கச்சேரி இல்லை. ஆனால் மூலத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், நல்லவேளையாகக் கேட்டீர்கள்.

பாலா, இன்று ராத்திரி செய்து பார்க்கிறேன்.

ஏடுபுரட்டி | 4 செப்டம்பர், இரவு 9:50

பாலா சொன்னபடி 0.1 வைத்துப் பார்த்தேன். இப்போது "கப்பல்" போய்விட்டது. கப்பல் கதையில் கப்பலே போய்விட்டது! "கபல்" மாதிரி, "கவல்" மாதிரி ஏதோ கேட்கிறது. "பக்கத்துல", "சுட்டான்", "பெட்ரோல் டாங்க்கு பத்திக்கிச்சு" எல்லாம் இதே கதி. ஏன் குறிப்பாக இந்த வார்த்தைகள்?

கோடம்பாக்கம் காது | 5 செப்டம்பர், இரவு 12:20

முப்பது வருஷமா வசனத் தடம் வெட்டுறவன். ரெண்டு விஷயம் சொல்றேன்.

"கப்பல்"னு மெதுவா சொல்லிப் பாருங்க. "க" முடிஞ்சதும் உதடு மூடும். மூடியிருக்கிற நேரத்துல வெளிய சத்தமே வராது. அப்புறம் உதடு திறந்து "பல்". அந்த மூடின நேரம்தான் "ப்". இரட்டிச்சு வர்ற வல்லினத்துல, அதுவும் பெரியவர் நிறுத்திப் பேசும்போது, அந்த மூடல் 0.1 விநாடியைத் தாண்டும். எழுத்துக்குள்ள இருக்கிற மௌனத்தையே மென்பொருள் எடுத்துடுச்சு. தமிழ்ப் பேச்சுக்கு 0.3க்குக் கீழ என்னைக்கும் போகாதீங்க. நான் 0.6, 0.7க்குக் கீழ போறதில்ல.

வால் போனது வேற காரணம். நம்ம வாக்கியம் வினையில முடியும். மரியாதையும் அந்த வினையோட கடைசி அசையில உட்கார்ந்திருக்கும். மூச்சு தீர்ற இடமும் அதுவேதான், குரல் தணிஞ்சு போயிருக்கும். நீங்க மைனஸ் 20க்குக் கீழ எல்லாம் மௌனம்னு சொல்லிட்டீங்க, அது "ங்க"வை மௌனத்துல சேர்த்துடுச்சு. அளவை யாரும் ஊகிச்சு வைக்கக் கூடாது, அளந்து வைக்கணும். அவர் பேசாத இடத்துல அறைச் சத்தம் எவ்வளவு உயருதுன்னு பாருங்க. தணிஞ்சு பேசின அஞ்சு வினை முடிவு எவ்வளவுன்னு பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல வைங்க.

மேடவாக்கம் மாணவன் | 5 செப்டம்பர், காலை 8:10

எதுக்கு இவ்ளோ கஷ்டம்? நான் எல்லாப் பேச்சையும் ஒன்றரை வேகத்துலதான் கேட்கிறேன். 74 நிமிஷம் ஐம்பதுல முடிஞ்சிடும்.

நங்கநல்லூர் சித்தி | 5 செப்டம்பர், காலை 8:25

தம்பி, எனக்கு வலது காது பாதிதான் கேட்கும். ஒன்றரை வேகத்துல வெச்சா உங்க தலைமுறையே வேற பாஷை பேசற மாதிரி இருக்கு. நிறுத்திப் பேசினாத்தான் எனக்கு முந்தின வாக்கியம் மண்டைக்குள்ள போய்ச் சேரும்.

ஏடுபுரட்டி | 5 செப்டம்பர், இரவு 11:00

அளந்தேன். மின்விசிறி ஓடுகிற வெறும் அறை மைனஸ் 44க்கு மேல் ஏறவில்லை. பதிவே கொஞ்சம் தணிவுதான், ஒலிவாங்கி மேசையில் தள்ளி இருந்தது. தணிந்த "ங்க", "ரு" எல்லாம் மைனஸ் 34 பக்கம். ஆகவே மைனஸ் 39. முதல் நாள் நான் வைத்த மைனஸ் 20இல் பாதி வாக்கியமே மௌனமாகத்தான் பதிவாகியிருக்கும் என்று இப்போது புரிகிறது.

வெட்டாமல், எங்கெங்கே இடைவெளி என்று மட்டும் பட்டியல் எடுத்தேன்:

```
ffmpeg -i emden.wav -af silencedetect=noise=-39dB:d=0.8 -f null -
```

0.8 விநாடிக்கு மேலான இடைவெளி 430 வந்தது. அதில் நாலு விநாடிக்கு மேல் 19தான். அந்த 19ஐயும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். காகிதம் தேடியது, தண்ணீர் குடித்தது, வெளியே பஸ் ஹாரன் அடித்தபோது காத்திருந்தது. ஒன்று மட்டும் வேறு மாதிரி. அதைப் பிறகு எழுதுகிறேன், அதைத் தொடவே மனசு வரவில்லை.

மீதி 411 இடைவெளியைக் கையால் செய்ய முடியாது. அவற்றை எல்லாம் ஒரே அளவாக்கினால் மறுபடியும் துரத்துகிற குரல்தான் வரும். என்ன செய்வது?

கோடம்பாக்கம் காது | 6 செப்டம்பர், இரவு 1:05

அதே பெட்டியில `Compress Excess Silence`னு இன்னொரு வழி இருக்கு, அதை எடுங்க. 0.7 விநாடி, 30 சதவீதம்னு வைங்க. 0.7 வரைக்கும் தொடாது. அதுக்கு மேல இருக்கிறதை மட்டும் முப்பது சதவீதமாச் சுருக்கும். 1.5 விநாடி நிறுத்தம் 0.94 ஆகும். 3.2 விநாடி 1.45 ஆகும். சின்னது சின்னதாவே இருக்கும், பெரிசு பெரிசாவே இருக்கும். காது நேரத்தை அளக்கிறதில்லம்மா, போன நிறுத்தத்தோட இந்த நிறுத்தத்தை ஒப்பிடுது. வாக்கிய முடிவும் பத்தி முடிவும் ஒரே நீளம் ஆயிட்டா எங்க விஷயம் மாறுதுன்னு கேட்கிறவனுக்குத் தெரியாது.

உங்க 19 நீள இடைவெளியை இதுல விடாதீங்க. 11 விநாடி காகிதத் தேடல் 3.79 ஆகி நிக்கும், அப்பவும் அதிகம். கையால செய்யுங்க.

வேளச்சேரி பாலா | 6 செப்டம்பர், காலை 9:40

சரி, வல்லினம் விஷயம் எனக்குத் தெரியாது, என் தப்பு. என் வீடியோல வெட்டு விழுற இடத்துல படமும் மாறும், அதனால யாரும் கவனிக்கலபோல. ஆனா ஆ, ம் எல்லாத்தையும் தூக்கணும்கிறதுல நான் மாற மாட்டேன்.

ஏடுபுரட்டி | 8 செப்டம்பர், இரவு 10:15

சுருக்கிவிட்டேன், அவர் திரும்ப வந்துவிட்டார். நிறுத்தி, யோசித்து, பேசுகிறார். கண் கலங்கிவிட்டது, பொய் இல்லை.

அடுத்து "ஆ...", "வந்து...". இங்கேதான் நான் பாலா சொன்ன வரிசையைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டேன். மௌனத்தைச் சுருக்கிய பிறகு "ஆ"க்களை வெட்ட உட்கார்ந்தேன். ஒரு "ஆ..."வுக்கு முன்னால் 0.9, பின்னால் 1.1 விநாடி. "ஆ"வை எடுத்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டு இரண்டு விநாடி ஓட்டை. வாக்கியத்தின் நடுவில் அவர் எழுந்து போய்விட்டு வந்த மாதிரி. "ஆ" இருந்தபோதே தேவலை. நாற்பது இடம் இப்படிச் செய்தபின்தான் உறைத்தது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மூலத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். முதலில் "ஆ", "வந்து", பிறகு மௌனம். பாலா, முதல் பதிவிலேயே சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை.

ஏடுபுரட்டி | 10 செப்டம்பர், மாலை 4:30

ஞாயிறு முழுக்க இதில்தான். "ஆ..."வை எடுத்தால் மூச்சு பிரச்சினை வருகிறது. அவர் "ஆ..." சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுத்து அடுத்த வார்த்தைக்குப் போவார். சில இடத்தில் "ஆ"வுக்கு முன்னாலும் ஒரு மூச்சு. நடுவில் வெட்டினால் இரண்டு மூச்சு அடுத்தடுத்து வந்து, ஆஸ்துமாக்காரர் போல் இருக்கிறது. மூச்சையும் சேர்த்து வெட்டினால் மறுபடி மூச்சு விடாத மனிதர்.

சோதித்துப் பார்த்ததில் எனக்குப் பொருந்தியது இது. பின் மூச்சை வைத்துக்கொள்கிறேன், முன் மூச்சை எடுக்கிறேன். பின் மூச்சு அடுத்த வார்த்தைக்காக இழுத்தது. நீளமான வாக்கியத்துக்கு ஆழமாக இழுத்திருப்பார், சின்னதுக்கு மேலோட்டமாக. அதை அந்த வார்த்தையோடு சேர்த்தே விடவேண்டும். வெட்டு மூச்சு ஆரம்பிக்கச் சற்று முன்னால் விழவேண்டும், மின்விசிறி மட்டும் கேட்கிற இடத்தில். அங்கே விழுந்தால் ஒட்டு தெரியவில்லை. ஆடாசிட்டியில் வெட்டும் முன் `Z` அழுத்தினால் தேர்வின் இரு ஓரமும் அலை பூஜ்யத்தைக் கடக்கிற புள்ளிக்கு நகர்கிறது, "டிக்" சத்தம் அநேகமாக வருவதில்லை.

கோடம்பாக்கம் காது | 10 செப்டம்பர், இரவு 11:50

மூச்சு விஷயம் சரியாப் பிடிச்சிருக்கீங்க.

மின்விசிறி பத்தி ஒரு வார்த்தை. எங்கயாவது இருமல், காகிதச் சத்தத்தை அழிச்சீங்கன்னா அந்த இடத்துல சுத்த மௌனத்தை வைக்காதீங்க. மின்விசிறி திடீர்னு நின்னு திரும்ப ஓடும், அது இருமலைவிட மோசம். பேச்சு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால வெறும் அறை பதிவாகியிருந்தா, அதுல இருபது விநாடி எடுத்து வெச்சுக்கங்க. ஓட்டை விழுற இடத்துல அதுலேர்ந்து ஒட்டுங்க. அதனாலதான் `Noise Reduction` முதல்ல வேண்டாம்னு சொல்வேன். முதல்லயே துடைச்சா "ங்க"வோட மிச்சமும் மின்விசிறியோட சேர்ந்து போகும்.

வேளச்சேரி பாலா | 11 செப்டம்பர், காலை 10:20

வார்த்தையோட ஒட்டியிருக்கிற "ஆ"வை எப்படி எடுக்கிறீங்க? "அதனாலஆஆ..."ன்னு இழுப்பாங்களே?

ஏடுபுரட்டி | 11 செப்டம்பர், இரவு 9:35

எடுக்கவில்லை. எடுக்கப் பார்த்தேன். "அதனால" வரை வைத்து இழுவையை வெட்டினால், குரல் மேலேயே தொங்குகிறது. இழுக்கப்போகிறவர் "ல"விலேயே குரலை மட்டமாகப் பிடித்துவிடுகிறார். அதற்கு அடுத்து சட்டென்று புது வார்த்தை வந்தால், யாரோ வாயைப் பொத்தி எடுத்த மாதிரி இருக்கிறது. இழுவையின் நடுவில் கொஞ்சம் எடுத்து நீளத்தைப் பாதியாக்க முடிகிறது. சுருதி ஒரே மட்டத்தில் இருக்கிற உயிரெழுத்தில் மட்டும்தான் அதுவும். பத்தில் ஆறு இடத்தில் கேட்கும்படி வந்தது. மற்ற நாலை அப்படியே விட்டேன்.

"வந்து"தான் பெரிய பொறி. தனியாக நிற்கிற "வந்து..." தாராளமாகப் போகலாம். ஆனால் "கடற்கரைக்கு வந்து பார்த்தா" என்பதில் அது வினை. அலையின் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கண்ணால் பார்த்து வெட்டிக்கொண்டே போனதில் ஒரு இடத்தில் ஜனங்கள் வராமலேயே கடற்கரையைப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் வெட்டவேண்டும், குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

பாலா, எல்லாவற்றையும் தூக்கினால் என்ன ஆகிறது என்று முதல் பத்து நிமிஷத்தில் செய்து பார்த்தேன். மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. பெயர், தேதி சொல்லும் முன் அவர் ஒரு "ஆ..." போடுவார், அது "இதோ வருகிறது, கவனி" என்று கேட்பவரிடம் சொல்கிறது. அதை எடுத்ததும் தேதி காதில் தங்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஒன்றை எடுக்கிறேன், தேடலில் வந்ததை எடுக்கிறேன், பெயருக்கு முன் வருவதை விடுகிறேன். மூன்றில் ஒன்று பதிவில் தங்கியிருக்கிறது.

வேளச்சேரி பாலா | 11 செப்டம்பர், இரவு 10:02

எனக்கு அது ஒத்துவராது அக்கா. என் வீடியோல மூன்றில் ஒண்ணு விட்டா கருத்துப் பகுதியில "ஆ" எண்ணி எழுதுறாங்க. எட்டு நிமிஷ வீடியோவுக்கும் எழுபது நிமிஷப் பேச்சுக்கும் ஒரே சட்டம் இல்லன்னு வெச்சுக்குவோம்.

ஏடுபுரட்டி | 14 செப்டம்பர், இரவு 11:30

அந்த ஒரு இடைவெளி.

41ஆவது நிமிஷம். ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் வந்து நிற்பதைச் சொல்லிக்கொண்டு வருகிறார். "ஊர் முழுக்கத் தூங்கப் போற நேரம். கிழக்கால பாத்தா..." என்று நிறுத்துகிறார். 4.1 விநாடி. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. அரங்கில் யாரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. பிறகு "வெளிச்சம்" என்கிறார். தேடுவிளக்கைப் போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறார். அன்றைக்கு நான் முன் வரிசையில் இருந்தேன், உடம்பு சிலிர்த்தது.

சுருக்கியதில் அது 1.72 ஆகிவிட்டது. சிலிர்ப்பு போய்விட்டது. அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சுருக்க வழி உண்டா?

கோடம்பாக்கம் காது | 15 செப்டம்பர், இரவு 12:40

மொத்தமாத் தேர்ந்தெடுத்துப் போட்டதாலதான் அது உள்ள மாட்டுச்சு. அந்த இடத்துக்குப் பின்னால இருந்து முடிவு வரைக்கும் தேர்ந்தெடுத்து முதல்ல சுருக்குங்க. அப்புறம் ஆரம்பத்துலேர்ந்து அந்த இடத்துக்கு முன்னால வரைக்கும். பின்பகுதியை முதல்ல செய்யணும், முன்பகுதியை முதல்ல சுருக்கினா எல்லாமே இடதுபக்கம் நகர்ந்து, நீங்க குறிச்ச 41ஆவது நிமிஷம் வேற எங்கயோ இருக்கும். இப்படி நாலஞ்சு இடம் இருந்தாலும் கடைசிலேர்ந்து முன்னாடி வாங்க.

4.1 அப்படியே விடலாமான்னா, அரங்குல உட்கார்ந்தவங்களுக்கு அவர் முகம் தெரிஞ்சுது. காதுல மட்டும் கேட்கிறவன் நாலு விநாடில போன் நின்னுடுச்சோன்னு பார்ப்பான். நானா இருந்தா மூணுக்குக் கொண்டு வருவேன்.

நங்கநல்லூர் சித்தி | 15 செப்டம்பர், காலை 6:20

நாலையும் விடு. பஸ்ல போறவன் போனைப் பார்த்தா பார்க்கட்டும். எங்க பாட்டி எம்டன் பயத்துல ஊரே காலி பண்ணிண்டு போன கதை சொல்லுவா. அவளும் அந்த இடத்துல நிறுத்துவா.

ஏடுபுரட்டி | 17 செப்டம்பர், இரவு 8:15

இன்று வாத்தியார் வீட்டுக்குப் போய் முழுவதையும் போட்டுக் காட்டினேன். இப்போது 64 நிமிஷம். சித்தி சொன்னபடி அந்த இடத்தை 4.1 ஆகவே விட்டிருந்தேன்.

கண்ணை மூடிக் கேட்டார். எங்கே வெட்டினேன் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். மூன்று இடம் சொன்னார். இரண்டில் நான் வெட்டவே இல்லை. மூன்றாவதில் உண்மையாகவே என் ஒட்டு, ஒரு ஹாரன் பாதியில் அறுந்திருந்தது. ஹாரன் மேல் வெட்டக் கூடாது என்று தெரிந்தும் அவசரத்தில் விட்டிருக்கிறேன். இரவே போய்ச் சரிசெய்தேன், வெட்டை ஹாரன் தேய்ந்து முடிகிற இடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

அந்த இடம் வந்தது. மௌனம் ஆரம்பித்ததும் கண்ணைத் திறந்தார்.

"இதை ஏன்மா வெட்டல?"

நான் காரணம் சொன்னேன். அரங்கு அசையாமல் இருந்ததைச் சொன்னேன்.

"அது இல்லம்மா. எனக்கு அந்த வார்த்தை மறந்துபோச்சு. தேடுவிளக்குன்னு சொல்ல வந்தேன், வாயில வரல. கடைசில வெளிச்சம்னு சொல்லிச் சமாளிச்சேன். வெட்டிடு."

மேடவாக்கம் மாணவன் | 17 செப்டம்பர், இரவு 8:40

ஐயோ. என்ன பண்ணீங்க?

கோடம்பாக்கம் காது | 17 செப்டம்பர், இரவு 11:10

பேசினவர் சொன்னா வெட்டணும். அவர் குரல், அவர் முடிவு.

நங்கநல்லூர் சித்தி | 18 செப்டம்பர், காலை 6:00

மறதியா இருந்தா என்ன, கேட்டவாளுக்குச் சிலிர்த்துதே. அவர்கிட்ட இன்னொரு தரம் கேட்டுப் பாரேன்.

ஏடுபுரட்டி | 21 செப்டம்பர், இரவு 10:25

இன்னொரு தரம் கேட்டேன் சித்தி. இரண்டையும் போட்டுக் காட்டினேன். 1.72 உள்ளது ஒன்று, மூன்று விநாடி உள்ளது ஒன்று. முதலாவதைக் கேட்டு "ம்" என்றார். இரண்டாவதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "உன் இஷ்டம்" என்று காபி கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

நாளைக்கு மூன்று விநாடி உள்ளதை அனுப்புகிறேன். 4.1 உள்ள மூலத்தையும் வாசகர் வட்டத்தின் பெட்டியில் வைத்துவிட்டேன், யாராவது கேட்டால் இருக்கட்டும்.